பரீட்சை நேரசூசியைக் கலண்டரில் ஏற்றும் முறை

இங்கிலாந்தில் பதினோராம் வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகள், சித்திரை மாதமளவில் தமது ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சை நேரசூசியைப் பாடசாலையிலிருந்து கொண்டுவருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அதனைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவதுடன் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் படம் யாரையும் காலையில் எழுப்பி நினைவூட்டுவதில்லை. தவறவிட்ட பத்திரத்தைப் பிறிதொரு நாளில் எழுதவும் முடியாது. கார்த்திகை மாதத்தில் மீண்டும் எழுதும் வாய்ப்பு ஆங்கில மொழிக்கும் கணிதத்துக்கும் மட்டுமே உண்டு.

ஆகவே அந்தப் படத்திலுள்ளவற்றை நிரைகளாக மாற்றி, கூகிள் கலண்டரில் ஒரே தடவையில் ஏற்றும் முறையை இம்முறை பார்ப்போம். ஏற்றுவது சுலபம். பிழையின்றி ஏற்றுவதற்குத்தான் ஒழுங்கு வேண்டும்.

கணக்கெழுதுவோர் ஒரே தொகையை இரண்டு இடங்களில் பதிந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். நேரசூசியிலும் அதே வசதி இருக்கிறது. அதில் திகதியும் கிழமையும் சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

2025ஆம் ஆண்டுக் கோடைகாலப் பரீட்சையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணிதத்தின் மூன்று பத்திரங்களும் மே 15 வியாழன், யூன் 4 புதன், யூன் 11 புதன் ஆகிய நாட்களில் நடைபெற்றன. ஏ.கியூ.ஏ. சபையின் ஆங்கில மொழிப் பத்திரங்கள் மே 23, யூன் 6 ஆகிய இரு வெள்ளிக்கிழமைகளில் நடைபெற்றன. ஐந்தும் காலைப் பத்திரங்கள். கணிதத்துக்கு 90 நிமிடம், ஆங்கிலத்துக்கு 105 நிமிடம்.

முதலில் எக்செலிலோ கூகிள் தாளிலோ ஆறு நிரல்கள் அமைத்துக்கொள்ளுங்கள். A நிரலில் கிழமை, B நிரலில் திகதி, C நிரலில் தொடங்கும் நேரம், D நிரலில் நிமிடக் கணக்கில் கால அளவு, E நிரலில் பத்திரத்தின் பெயர், F நிரலில் மண்டபம். கிழமையை Thu, Wed என்று மூன்று எழுத்தில் எழுதுங்கள். அதனைப் படத்தைப் பார்த்தே எழுத வேண்டும். கணனியைக் கொண்டு எழுதுவித்தால் சரிபார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

படத்திலிருந்து எழுத்துக்களை நகல் எடுக்கும் வசதி இப்போது பல தொலைபேசிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்டபத்தின் பெயர் ஒரு கட்டத்தில் வெறுமையாக இருந்தால், அதற்குக் கீழே உள்ள பெயர்கள் எல்லாம் ஒரு நிரை மேலே ஏறிவிடும். கடைசிப் பத்திரத்துக்கு மண்டபம் இல்லாமற் போனால் இதுதான் நடந்திருக்கிறது என்று அறியலாம். இருபது பத்திரங்களுக்கு மேற்படாத நேரசூசியானால் ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சுச் செய்வதே விரைவானது.

அடுத்து, G நிரலில் இந்தச் சூத்திரத்தை எழுதி, கடைசி நிரை வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(TEXT(B2,"ddd")=A2,"OK","CHECK")
```

மே 15 என்பதை 16 என்று வாசித்திருந்தால் கிழமை வெள்ளியாகிவிடும். உடனே CHECK என்று வரும். மே மாதத்தின் 5ஐ 6 என்று வாசித்திருந்தாலும் அகப்பட்டுவிடும். சரியாக ஏழு நாட்களோ அதன் மடங்கோ தவறிய திகதி மாத்திரமே இந்தச் சோதனைக்குத் தப்பும்.

நேரத்தை இந்தச் சோதனை காட்டித் தராது. பரீட்சைகள் வழமையாகக் காலை 9.00 மணிக்கும் பிற்பகல் 1.30 மணிக்கும் தொடங்குகின்றன. பிற்பகல் நேரத்தை 1:30 என்று மட்டும் எழுதினால் கணனி அதனை நள்ளிரவு கழிந்த 1.30 என்று எடுத்துக்கொள்ளும். 13:30 என்று எழுதுங்கள். பின்னர் C நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். 9:00, 13:30 என்ற இரண்டைத் தவிர வேறு நேரம் தென்பட்டால் மீண்டும் படத்தைப் பார்க்க வேண்டும்.

இனி ஏற்றுவதற்கான தாள். கலண்டருக்குக் கொடுக்கும் திகதியில் மாதத்தை முதலில் எழுதுவதே கூகிள் காட்டும் முறை. நாமோ நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள். எனவே திகதியையும் முடியும் நேரத்தையும் கையால் எழுதாமல் சூத்திரத்தால் பெறுவது நல்லது:

```
=TEXT(B2,"mm/dd/yyyy")
=TEXT(C2,"h:mm AM/PM")
=TEXT(C2+D2/1440,"h:mm AM/PM")
```

1440 என்பது ஒரு நாளிலுள்ள நிமிடங்கள். கிடைத்த விடைகளைப் புதிய தாளொன்றில் பெறுமதிகளாக மட்டும் ஒட்டி, தலைப்புகளைக் கீழே உள்ளவாறே எழுதுங்கள்:

```
Subject,Start Date,Start Time,End Date,End Time,Location
Maths Paper 1,05/15/2025,9:00 AM,05/15/2025,10:30 AM,Hall
English Paper 1,05/23/2025,9:00 AM,05/23/2025,10:45 AM,Hall
Maths Paper 2,06/04/2025,9:00 AM,06/04/2025,10:30 AM,Hall
English Paper 2,06/06/2025,9:00 AM,06/06/2025,10:45 AM,Hall
Maths Paper 3,06/11/2025,9:00 AM,06/11/2025,10:30 AM,Hall
```

இதனை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமியுங்கள். பாடங்களின் பெயரைத் தமிழில் எழுதுவோர் எக்செலில் CSV UTF-8 என்ற வகையைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

கோப்பை ஏற்றுவதற்கு முன், கூகிள் கலண்டரில் Exams என்ற பெயரில் தனியான கலண்டர் ஒன்றை உருவாக்குங்கள். ஒரே கோப்பை இரண்டு தரம் ஏற்றினால் ஒவ்வொரு பரீட்சையும் இரண்டாகத் தோன்றும். தனிக் கலண்டராக இருந்தால் அதனை முழுமையாக நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். தொலைபேசிச் செயலியில் ஏற்ற முடியாது. கணனியில் Settings பகுதிக்குள் உள்ள Import & export என்ற இடத்துக்குச் செல்ல வேண்டும். அதே Settings பகுதியில் நேர வலயம் இலண்டனுக்குரியதாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஏற்றுமுன் ஒரே ஒரு நிரையை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். எந்த நிரை என்பது முக்கியம். யூன் 6ஆந் திகதி எப்படி வாசித்தாலும் 06/06 தான்; அது ஒன்றையும் காட்டாது. மே 15உம் போதாது. பதினைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லை. யூன் 4ஐத் தெரிவு செய்யுங்கள். நாளும் மாதமும் இடம் மாறினால் அது ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். கலண்டரில் யூன் 4 புதனில் அது தோன்றினால் அந்தச் சோதனை நிரையை நீக்கிவிட்டு, முழுக் கோப்பையும் தயக்கமின்றி ஏற்றலாம்.

ஏற்றிய பின் படத்திலுள்ள பத்திரங்களை எண்ணி, கலண்டரில் உள்ளவற்றையும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக வர வேண்டும். நினைவூட்டல் நேரத்தை இந்தக் கோப்பில் எழுத இடமில்லை. புதிய கலண்டரின் அமைப்பில் ஒருமுறை முதல் நாளுக்கென்று குறித்துவிட்டால் எல்லாப் பரீட்சைகளுக்கும் அது பொருந்தும்.

மேலதிக நேரம் வழங்கப்பட்ட பிள்ளைகளின் தாளில் அச்சிட்டிருக்கும் கால அளவில் அந்த நேரமும் சேர்ந்திருக்கிறதா என்று பாடசாலையின் பரீட்சைப் பொறுப்பாளரிடம் கேட்டறிந்து D நிரலில் எழுதுங்கள். நேரசூசி பின்னர் திருத்தப்பட்டால் முதல் தாளில் திருத்தி, G நிரலை மீண்டும் பார்த்து, பழைய கலண்டரை நீக்கிய பின்பே புதியதை ஏற்றுங்கள்.