ஒரே தளம், இரண்டு கணக்குகள்: ஃபயர்பாக்ஸ் கன்டெய்னர் வழிகாட்டி

எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வுக்கு அனுப்பும் நேரத்தில் நடந்தது இது. மாணவர் விவரங்களை நிரப்புவதற்கான மாதிரி அட்டவணை ஒன்று கூகுள் ஷீட்ஸ் இணைப்பாக வந்தது. இணைப்பைத் திறந்தேன், நகல் எடுத்தேன், 34 மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். நான்கு மாதம் கழித்து, "பள்ளி மெயிலில் அந்த லிஸ்ட் இல்லையே சார்?" என்று தலைமையாசிரியர் கேட்டார். தேடிப் பார்த்தால், அது என் சொந்த ஜிமெயிலின் டிரைவில் இருந்தது. 34 குழந்தைகளின் வங்கி விவரம் என் வீட்டுப் படங்களோடு சேர்ந்து கிடந்திருக்கிறது. இடையில் எனக்கு மாறுதல் வந்திருந்தால், அந்தப் பட்டியல் பள்ளிக்குக் கிடைக்காமல் என்னோடேயே போயிருக்கும்.

தவறு என்னுடையதுதான். ஆனால் அது எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், மறுபடி நேராமல் தடுக்க எளிய வழி இருக்கிறது.

கோயில் வாசல் டோக்கன்

கும்பேசுவரர் கோயிலுக்குப் போகிறோம். வாசலில் செருப்பை விட்டதும் எண் போட்ட டோக்கன் ஒன்று தருகிறார்கள். திரும்பி வரும்போது நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறார்கள். இணையதளங்களும் அப்படித்தான். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்ததும், தளம் நம் உலாவியிடம் ஒரு சிறு அடையாளத்தைக் கொடுத்துவைக்கிறது. அதற்குப் பெயர் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி உருவாக்கிய முறை இது. அடுத்தடுத்து நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் உலாவி அந்த டோக்கனைக் காட்டுகிறது; தளம் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது.

உலாவியிடம் டோக்கன் வைக்க ஒரே ஒரு பைதான் உண்டு. எத்தனை டேப் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் அதே பை. ஒரு தளத்தில் பள்ளிக் கணக்கில் நுழைந்துவிட்டு, இன்னொரு டேப்பில் அதே தளத்தில் நம் சொந்தக் கணக்கில் நுழைந்தால், பல தளங்களில் புதிய டோக்கன் பழையதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முதல் டேப்பின் திரையில் பள்ளியின் பெயரே தெரிந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு பொத்தானை அழுத்தும்போதுதான் கணக்கு மாறிவிட்டது தெரியவரும்.

கூகுள் இதற்குச் சற்று வேறுபட்டது. பல கணக்குகளை வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. முதலில் நுழைந்த கணக்குக்கு எண் 0, அடுத்ததற்கு 1. முகவரிப் பட்டையில் `/u/0/`, `/u/1/` என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சொடுக்கினால் அது பொதுவாக 0 எண் கணக்கில்தான் திறக்கும். அன்று காலை நான் முதலில் திறந்தது என் சொந்த மெயில். அதன் பிறகுதான் பள்ளிக் கணக்கைச் சேர்த்தேன். ஆகவே நகல் என் டிரைவில் போய் விழுந்தது.

தனித்தனிப் பை

உலாவிக்குள்ளேயே தனித்தனிப் பைகளை ஃபயர்பாக்ஸ் தருகிறது. அவற்றுக்குப் பெயர் கன்டெய்னர். ஒரு கன்டெய்னரில் திறந்த டேப்புக்கு இன்னொரு கன்டெய்னரின் குக்கி தெரியாது. ஆகவே ஒரே தளத்தில் இரண்டு கணக்குகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். இதற்கான இலவச நீட்சியை ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே 2017-இல் வெளியிட்டது.

1. கணினியில் ஃபயர்பாக்ஸைத் திறந்து `addons.mozilla.org` செல்லுங்கள். `Firefox Multi-Account Containers` என்று தேடுங்கள். வெளியிட்டவர் பெயர் மொசில்லா என்று இருப்பதை உறுதி செய்துகொண்டு `Add to Firefox` அழுத்துங்கள்.

2. முகவரிப் பட்டையின் வலப்பக்கம் நீட்சியின் சின்னம் வரும். தெரியாவிட்டால் அங்குள்ள புதிர்த்துண்டு போன்ற பொத்தானுக்குள் பாருங்கள். சின்னத்தை அழுத்தினால் சில அறிமுகத் திரைகள் வரும். அவற்றைக் கடந்து செல்லுங்கள்.

3. `Manage Containers` வழியாகப் புதிதாக இரண்டு கன்டெய்னர்களை உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் "பள்ளி" என்பதற்குப் பச்சையும் "சொந்தம்" என்பதற்குச் சிவப்பும் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே உள்ள `Personal`, `Work`, `Banking`, `Shopping` நான்கும் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.

4. புதிய டேப்புக்கான + குறியைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். கன்டெய்னர்களின் பட்டியல் வரும். "பள்ளி" என்பதைத் தேர்ந்து அதில் பள்ளிக் கணக்கில் நுழையுங்கள். பிறகு "சொந்தம்" டேப் திறந்து அதில் உங்கள் கணக்கில் நுழையுங்கள்.

டேப்பில் அந்த நிறக் கோடும், முகவரிப் பட்டையின் ஓரத்தில் கன்டெய்னரின் பெயரும் தெரியும். சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டு டேப்பிலும் ஜிமெயிலைத் திறந்து இரண்டையும் ஒருமுறை புதுப்பியுங்கள். இரண்டிலும் முகவரி `/u/0/` என்றே இருக்க வேண்டும். ஆனால் மேலே வலது மூலையில் உள்ள கணக்கு வேறு வேறாக இருக்க வேண்டும். எங்காவது `/u/1/` என்று வந்தால், அந்தப் பைக்குள் இரண்டாவது கணக்கும் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த டேப்பில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, உரிய ஒன்றில் மட்டும் மீண்டும் நுழையுங்கள்.

அந்தப் பட்டியலை மீட்ட விதம்

"சொந்தம்" டேப்பைப் பிடித்துக் கீழே இழுத்து விட்டேன். அது தனி விண்டோ ஆனது. விண்டோஸ் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் அது திரையின் இடது பாதியில் நிற்கும். பள்ளி விண்டோவை அதேபோல் வலது அம்புக்குறியால் வலது பாதியில் நிறுத்தினேன்.

இடப்பக்கம் பட்டியலைத் திறந்து `File`, `Download`, `Microsoft Excel (.xlsx)` வழியாகக் கணினியில் இறக்கினேன். வலப்பக்கம் பள்ளி டிரைவில் `New`, `File upload` வழியாக ஏற்றினேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன்: 34 வரிசைகள் இருக்கின்றனவா, 0 என்று தொடங்கும் வங்கிக் கணக்கு எண்களில் அந்த 0 இருக்கிறதா. சரி என்று தெரிந்த பிறகே இடப்பக்கம் உள்ளதை அழித்தேன். டிரைவில் அழித்த கோப்பு குப்பையில் 30 நாள் இருக்கும் என்பதால் அங்கிருந்தும் நீக்கினேன். கணினியின் `Downloads` கோப்புறையில் இறங்கியிருந்த பிரதியையும் மறக்காமல் அழித்தேன். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் கண்முன் இல்லாமல், நுழைந்து வெளியேறி நுழைந்து இதைச் செய்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை கடினமாகியிருக்கும்.

எமிஸ் தளத்திலும் பள்ளிக்கான கணக்கும் ஆசிரியருக்கான கணக்கும் தனித்தனியே உண்டு. இரண்டையும் பார்க்கும் பொறுப்பில் உள்ளவர்கள் இதே முறையில் பிரித்துக்கொள்ளலாம்.

வழுக்கும் இடங்கள்

முதலாவது, வாட்ஸ்அப். கணினியில் வாட்ஸ்அப் செயலி வழியாக வரும் இணைப்பைச் சொடுக்கினால், அது எந்தக் கன்டெய்னரும் இல்லாத சாதாரண டேப்பில் திறக்கும். நிறக்கோடு இருக்காது. ஆகவே இணைப்பை நகலெடுத்து, "பள்ளி" டேப் திறந்து, அதில் ஒட்டுங்கள். உலாவிக்குள் பார்க்கும் இணைப்பு என்றால், அதன் மேல் வலது சொடுக்கில் `Open Link in New Container Tab` என்பதைத் தேர்ந்து "பள்ளி" என்று கொடுக்கலாம். பாதுகாப்புக்கு இன்னொரு வழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண டேப்பில் எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள். அப்போது தவறான இடத்தில் திறந்தால் நுழைவுப் பக்கம்தான் வரும், அதுவே எச்சரிக்கை.

இரண்டாவது, ஒரு தளத்தை எப்போதும் ஒரே கன்டெய்னரில் திறக்கச் சொல்லும் `Always Open This Site in...` என்ற வசதி. வங்கித் தளத்துக்கு அது நல்லது. இரண்டு கணக்கு வைத்திருக்கும் தளத்துக்கு அதைப் போட்டுவிட்டால், மற்றக் கன்டெய்னரில் திறக்கும்போதெல்லாம் உலாவி குறுக்கே நின்று கேட்கும். அவசரத்தில் தவறானதை அழுத்திவிடுவோம்.

மூன்றாவது, பாஸ்வேர்டு. கன்டெய்னர் பிரிப்பது குக்கி போன்ற தளத்தின் சேமிப்புகளை மட்டுமே. உலாவியில் சேமித்த பாஸ்வேர்டு, பார்த்த பக்கங்களின் வரலாறு, புக்மார்க் எல்லாம் பொதுவானவை. நுழைவுப் பெட்டியில் இரண்டு பயனர் பெயர்களும் வரும். நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாம்தான்.

நான்காவது, திறந்து வைத்த கணக்கு மறுநாள் மூடிக்கிடந்தால் ஃபயர்பாக்ஸின் அமைப்புகளைப் பாருங்கள். மூடும்போது குக்கிகளை அழிக்கும்படி வைத்திருந்தால் பைகள் எல்லாம் தினமும் காலியாகும். ஒரு கன்டெய்னரை நீக்கினாலும் அதிலுள்ள நுழைவுகள் போய்விடும். மெயிலுக்கோ கோப்புக்கோ ஒன்றும் ஆகாது, மீண்டும் நுழைந்தால் போதும். குறிப்பிட்ட நேரத்தில் தானாக வெளியேற்றும் தளங்களைக் கன்டெய்னரால் தடுக்க முடியாது.

எங்கே இது போதாது

கன்டெய்னருக்குப் பூட்டு கிடையாது. அதே கணினியில் உட்காரும் யாரும் "பள்ளி" டேப்பைத் திறந்துவிடலாம். தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் பகிரும் கணினியில், ஒவ்வொருவருக்கும் விண்டோஸிலேயே பாஸ்வேர்டோடு தனிப் பயனர் கணக்கு அமைப்பதுதான் முறை. ஒரே ஆள், இரண்டு கணக்கு என்றால் கன்டெய்னர். ஆட்களே வேறு என்றால் தனிப் பயனர். ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள ஃபயர்பாக்ஸில் இந்த நீட்சி இல்லை; இது கணினிக்கான வழி.

செய்து பார்க்க

"சோதனை" என்று மூன்றாவதாக ஒரு கன்டெய்னர் உருவாக்கி, அதில் எந்தக் கணக்கிலும் நுழையாமல் விடுங்கள். பெற்றோருக்கு அனுப்பப் போகும் கூகுள் படிவத்தை "பள்ளி" டேப்பில் தயாரித்து, அதன் இணைப்பைச் "சோதனை" டேப்பில் ஒட்டித் திறந்து பாருங்கள். படிவம் நேரே திறந்தால் அனுப்பலாம். நுழைவுப் பக்கம் கேட்டால், அமைப்புகளில் `Limit to 1 response` போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இருந்தால் கூகுள் கணக்கு இல்லாமல் யாரும் நிரப்ப முடியாது. "படிவம் திறக்கவில்லை" என்று இரவு ஒன்பது மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் அதற்குப் பிறகு குறையும்.