படத்தில் இல்லாத பாதி

கேள்வி: 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்குப் பிறகு செஸ் புத்தகம் படிக்கிறேன். படத்தை போட்டோ எடுத்தால் ஃபென் குறியீடு முழுதாகக் கிடைக்குமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: கிடைக்காது, காய்களின் இடம் மட்டுமே கிடைக்கும். வெள்ளை ராஜா d5, சிப்பாய் e4. கறுப்பு ராஜா f4, சிப்பாய் e5 என்று ஒரு படம். மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக எழுதுங்கள். வெள்ளைக்குப் பெரிய எழுத்து, கறுப்புக்குச் சிறிய எழுத்து, காலிக் கட்டங்களுக்கு எண்.

```
8/8/8/3Kp3/4Pk2/8/8/8 w - - 0 1
```

ஒவ்வொரு வரிசையும் எட்டாகக் கூட வேண்டும், 3Kp3 கூடுகிறது. ஆனால் படம் தலைகீழாக இருந்தாலும் கூட்டல் எட்டேதான் வரும். அப்போது சிப்பாய்கள் ஒன்றையொன்று தடுக்காமல், தாண்டி நிற்கும். ஓரத்து எண்களைப் பார்த்தால்தான் பிழை தெரியும். அடுத்தது w என்ற எழுத்து, நகர்த்த வேண்டியவர் வெள்ளை என்பதற்கு. இந்த நிலையில் யார் நகர்த்துகிறாரோ அவரே சிப்பாயை இழந்து தோற்பார். அந்த எழுத்து மாறினால் முடிவே மாறும். காய்களைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. படத்தின் கீழே அச்சிட்டிருக்குமே என்பீர்கள். உண்மைதான்; அதனால் அந்த வரியையும் சேர்த்தே படமெடுங்கள்.