'அண்ட்'டுக்கு முன்னால் ஒரு கமா

கேள்வி: ஆங்கில ஆபீஸ் மெயிலில் பட்டியலின் கடைசி 'அண்ட்'டுக்கு முன்னால் நான் கமா போடுகிறேன். மேலாளர் எடுத்துவிடுகிறார். யார் செய்வது சரி?

பதில்: இரண்டுமே சரி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடும். அசோசியேட்டட் பிரஸ் கையேடு, எளிய பட்டியலில் வேண்டாம் என்கிறது. ஒரே மெயிலில் மேல் பத்தியில் போட்டுக் கீழ்ப் பத்தியில் விடுவதுதான் தப்பு. மேலாளர் வழக்கத்துக்கே போங்கள். இன்க்ரிமென்ட் அவர் கையில்.

ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "சேல்ஸ், பர்சேஸ், பேக்கிங் அண்ட் டெஸ்பாட்ச்" பிரிவுத் தலைவர்கள் 4 மணிக்கு வரவும் என்று அனுப்புகிறீர்கள். வரப்போவது நாலு பேரா, மூன்று பேரா? பேக்கிங்கும் டெஸ்பாட்சும் ஒரே பிரிவு என்றால், "சேல்ஸ், பர்சேஸ், அண்ட் பேக்கிங் அண்ட் டெஸ்பாட்ச்" என்று எழுத வேண்டும். முதல் 'அண்ட்' பட்டியலுடையது, இரண்டாவது பிரிவின் பெயருக்குள் இருப்பது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கமாதான். பட்டியலின் ஓர் உறுப்புக்குள்ளேயே 'அண்ட்' வந்தால் கமா போடு என்று அசோசியேட்டட் பிரஸ் கையேடும் சொல்கிறது. மேலாளரிடம் அதைக் காட்டலாம்.

உறுப்புக்குள் கமாவே வந்துவிட்டால் அரைப்புள்ளிக்கு மாறுங்கள்: "திருச்சி, 12 பெட்டி; மதுரை, 8 பெட்டி; அண்ட் சேலம், 5 பெட்டி". இங்கே கடைசி 'அண்ட்'டுக்கு முன்னாலும் அரைப்புள்ளி உண்டு. அதை மேலாளர் எடுத்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். நாலு ஊரைத் தாண்டினால் வாக்கியத்தை விட்டு, வரிக்கு ஓர் ஊராக அடித்துவிடுங்கள்.