பயிற்சி வீடியோவில் ஏஐ முகமா? வெளியிடும் முன் பாருங்கள்

2024 மே மாதம் டிடி கிசான் சேனலில் கிரிஷ், பூமி என்ற ஏஐ அறிவிப்பாளர்கள் வந்தார்கள். சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடி துறைமுக வேலைக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்பு வீடியோவையும் இப்படித் தயாரிக்கலாம்.

• ப, ம ஒலிகளுக்கு உதடு ஒட்டியே ஆக வேண்டும். "பாரம் மேலே தொங்கும்போது கீழே நிற்காதீர்கள்" என்ற வரியைப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். 'பாரம் மேலே' வரும்போது வாய் திறந்தே இருந்தால், அந்த வரியை மட்டும் மறுபடி உருவாக்குங்கள்.

• வீடியோ முழுக்க உதடும் ஒலியும் ஒரே அளவில் விலகினால் எடிட்டிங்கில் ஒலியை நகர்த்தினால் போதும். ஒலி பிந்துவதைவிட முந்துவதுதான் சட்டென்று உறுத்தும்.

• '5 டன்' என்பதை 'ஐந்து டன்' என்று எழுதிக்கொடுங்கள். ஏஐ குரல் எண்ணைத் தப்பாக வாசிக்கும் வாய்ப்பு குறையும்.

• கொக்கி மாட்டுவது, கயிறு கட்டுவது போன்றவற்றை உண்மையான தொழிலாளியை வைத்துப் படமெடுங்கள். அப்போது உதட்டை யாரும் பார்க்கமாட்டார்கள்.

• 'இது ஏஐ உருவம்' என்று தொடக்கத்திலிருந்தே திரையில் போடுங்கள். "என் இருபது வருட அனுபவத்தில்" என்று அதைப் பேசவிடாதீர்கள். பாடத்தைச் சரிபார்த்த பாதுகாப்பு அதிகாரியின் பெயரையும் போன் எண்ணையும் அவர் சம்மதத்தோடு கடைசியில் காட்டுங்கள். சந்தேகம் கேட்க ஒரு ஆள் வேண்டும்.