அம்மாவுக்கு சர்ப்ரைஸ் பார்சல்: விலை வெளியே தெரியாமல் அனுப்புவது எப்படி?

தங்கச்சி, நீ பெங்களூரில் இருக்கிறாய், அம்மா திருநெல்வேலியில். வருகிற 20-ம் தேதி அம்மா அப்பாவுக்குக் கல்யாண நாள். அம்மாவுக்கு 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்ப நினைக்கிறாய். முன்கூட்டியே தெரியக்கூடாது, விலையும் தெரியக்கூடாது. விலை தெரிந்தால் "இவ்வளவு காசு கொடுத்து எதுக்குடி?" என்று ஆரம்பித்து, அதைத் திருப்பி அனுப்பச் சொல்லித்தான் அம்மா நிறுத்துவார்.

பில்லை மறைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் விலையையும் ரகசியத்தையும் காட்டிக்கொடுப்பவை பில்லோடு சேர்த்து மூன்று: பில், பெட்டி, போன். ஒவ்வொன்றுக்கும் வழி சொல்கிறேன்.

1. பில்

ஆர்டர் போடும்போது 'கிஃப்ட்' என்று குறிக்க இடம் இருந்தால் குறித்துவிடு. வாழ்த்து வரி எழுதவும், சில பொருட்களுக்குக் கிஃப்ட் பேப்பர் சுற்றவும் அங்கேயே கேட்பார்கள். ஆனால் ஒரே தளத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பதால் இந்த வசதி எல்லாப் பொருளுக்கும் கிடைக்காது. அது இல்லாத பார்சலில் ஜிஎஸ்டி பில் பெட்டிக்குள்ளேயோ, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறையிலோ வரும். அதனால் பில் உள்ளே இருக்கும் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடு.

பணத்தை முதலிலேயே கட்டிவிடு. 'கேஷ் ஆன் டெலிவரி' போட்டால் வாசலில் நிற்கும் பையன் தொகையைச் சொல்லித்தான் பார்சலைக் கொடுப்பான். அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கிலிருந்தும் கட்டாதே. பணம் எடுத்த எஸ்எம்எஸ் அப்பாவின் போனுக்கும் போகலாம்.

2. பெட்டி

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 2011-ம் வருடத்துச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, கடைக்கு வரும் பொட்டலப் பொருள்மீது அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., அச்சிட்டிருக்க வேண்டும். நீ கிஃப்ட் என்று குறித்தாலும் கம்பெனிப் பெட்டியில் அது இருக்கத்தான் செய்யும். கிரைண்டர் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை லேபிளைப் பார்: மாடல் பெயர், தயாரித்த மாதம், வருடம், கஸ்டமர் கேர் எண், நடுவில் 'எல்லா வரிகளும் சேர்த்து' என்று ஒரு தொகை.

அந்தத் தொகை நீ கொடுத்ததைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். நீ 4,200 ரூபாய்க்கு வாங்கியிருப்பாய், லேபிளில் 6,500 என்று இருக்கும். அம்மா கண்ணில் படுவது 6,500. பில்லைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று, கிரைண்டர் மாதிரி பெரிய பொருட்கள் பலசமயம் மேல்பெட்டி இல்லாமல் கம்பெனிப் பெட்டியிலேயே வரும். பெட்டியின் நாலு பக்கமும் கிரைண்டர் படம் இருக்கும். தெருமுனையில் இறக்கும்போதே எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

3. போன்

டெலிவரி முகவரியில் அம்மாவின் எண்ணைப் போட்டால், அனுப்பியாச்சு, இன்று வருகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கே செய்தி போகலாம். பொருளின் பெயரும் அதில் இருக்கலாம். அதனால் உன் எண்ணைப் போடு. டெலிவரி பையன் கூப்பிடுவது முன்பின் தெரியாத எண்ணாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் கட் பண்ணாமல் எடு. சில பொருட்களுக்கு இயக்கிக் காட்ட வருகிறோம் என்று கம்பெனியிலிருந்தும் கூப்பிடுவார்கள். அதுவும் உனக்கே வரட்டும்.

நேராக அம்மா வீட்டுக்கு வேண்டாம்

இந்த மூன்றையும் ஒரே இடத்தில் அடைக்கலாம். பார்சலை இரண்டு தெரு தள்ளி இருக்கும் சித்தி வீட்டுக்கு, சித்தி பெயரிலேயே அனுப்பு. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் பார்சல் வந்தால், "நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையேப்பா" என்று அப்பா திருப்பி அனுப்பிவிடுவார். யாரோ அனுப்பிய பார்சலுக்குப் பணம் கேட்டு ஏமாற்றுகிற கதைகளைக் கேட்டிருக்கிறார், அவர் செய்வது சரிதான்.

சித்தியிடம் முன்கூட்டியே இப்படிச் சொல்லி வை: "சித்தி, உங்க பேர்ல ஒரு பெட்டி வரும். பணம் கட்டியாச்சு, யார் கேட்டாலும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஓடிபி கேட்டா எனக்குப் போன் போடுங்க, நான் சொல்றேன்." ஓடிபி பெரும்பாலும் ஆர்டர் போட்ட உன் எண்ணுக்குத்தான் வரும். பெட்டி சித்தியின் கைக்கு வந்துவிட்டது என்று கேட்டுக்கொண்ட பிறகே எண்ணைச் சொல். 'ஓப்பன் பாக்ஸ்' டெலிவரி என்றால் டெலிவரி பையனே வாசலில் பிரித்துக் காட்டுவான். அம்மா வீட்டு வாசலில் அது நடந்திருந்தால் சர்ப்ரைஸ் அங்கேயே முடிந்திருக்கும். சித்தி வீட்டில் நடந்தால் நமக்கு நல்லதுதான்.

தேதிக் கணக்கு

16 அல்லது 17-ம் தேதி வந்து சேரும்படி ஆர்டர் போடு. மாதத் தொடக்கத்திலேயே வாங்கி வைக்காதே. பொருளை மாற்றித் தரும் கெடு, பலவற்றுக்கு 7 அல்லது 10 நாள், டெலிவரி ஆன அன்றிலிருந்து ஓட ஆரம்பிக்கும். அம்மா பிரிக்கும்போது கெடு முடிந்திருந்தால், கல் உடைந்திருந்தாலும் அந்தத் தளத்தில் மாற்ற முடியாது.

வந்த அன்றே சித்தி பெட்டியைப் பிரித்து டிரம், கல், மூடி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். கல்லை மாட்டாமல் டிரம்மை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டால் மோட்டார் ஓடுவது தெரிந்துவிடும். பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும். உடைசல் இருந்தால் புகாரோடு சேர்த்து அனுப்பலாம்.

பிறகு பில்லை எடுத்துத் தனியே வைக்கவேண்டும். எம்.ஆர்.பி. லேபிளைக் கிழிக்க வேண்டாம், அதிலேயே சீரியல் எண்ணும் இருக்கலாம். முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, விலை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வாழ்த்து ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பொருளின் மேலும் மூடியிலும் விலைச்சீட்டு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டி முழுவதையும் கிஃப்ட் பேப்பரில் சுற்றச் சொல்.

சித்தி மாதிரி யாரும் இல்லையென்றால்

ஆன்லைனை விட்டுவிடு. திருநெல்வேலியிலேயே தெரிந்த பாத்திரக்கடைக்கோ மிக்சி, கிரைண்டர் கடைக்கோ போன் போடு. யூபிஐ-யில் பணம் அனுப்பி, பில்லை வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பச் சொல். கடையிலேயே ஓட்டிப் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, பேப்பர் சுற்றி 20-ம் தேதி காலையில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல். விலை கேட்டால் "கட்டியாச்சும்மா" என்பதோடு நிறுத்தவேண்டும் என்று கடைப்பையனிடமும் சொல்லிவிடு. அவன் கிளம்பியதும் நீ அப்பாவுக்குப் போன் செய்து, இன்னார் கடையிலிருந்து ஆள் வருகிறார், வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்.

கொடுத்த பிறகு

வாரண்டிக்குப் பில் வேண்டும். அம்மாவிடம் வாரண்டி அட்டையை மட்டும் கொடு, பில்லின் பிடிஎஃப் உன்னிடம் இருக்கட்டும். பழுது வந்தால் சர்வீஸ்காரருக்கு நீயே நேரடியாக அனுப்பிவிடலாம். மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் விலை யாருக்கும் கிடைக்கும். அதை நம்மால் தடுக்க முடியாது. அப்படித் தெரிந்துகொண்டு அம்மா போனில் கேட்டால் பொய் சொல்லாதே. "தள்ளுபடியில கிடைச்சுதும்மா, மாவு எப்படி வந்துச்சு?" என்று கேள். அதற்குள் இரண்டு முறை இட்லிக்கு அரைத்திருப்பார், திருப்பி அனுப்பும் பேச்சே வராது.