90 விநாடிக்குள் ஒரு பல்லவி, ஒரு சரணம்

தங்கச்சி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை 90 விநாடி வீடியோவாக எடுத்து, அதற்குச் சொந்தமாகவே பாட்டு எழுதப் போகிறாய் என்றால், வரி எழுத உட்காராதே. முதலில் தாளம் போடு. வீடியோவின் நீளம் மாறாது. பட்டறை வேலையின் வரிசையும் மாறாது; கண்ணாடியைத் துடைக்காமல் சாயம் ஊற்ற முடியுமா? நம் கையில் இருப்பது பாட்டு ஒன்றுதான், வளைய வேண்டியதும் அதுதான்.

நிமிஷத்துக்கு 96 தட்டு என்று வேகத்தை வைத்துக்கொள். ஆதி தாளத்தில் எட்டுத் தட்டு சேர்ந்தது ஓர் ஆவர்த்தனம். இந்த வேகத்தில் அது சரியாக 5 விநாடி ஓடும். ஆக 90 விநாடிக்கு 18 ஆவர்த்தனம், மிச்சம் மீதி இல்லை. 100 தட்டு வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 4.8 விநாடியாகி, கடைசியில் முக்கால் ஆவர்த்தனம் அந்தரத்தில் தொங்கும். மெட்டு போடுகிறவரிடம் ‘நல்லா வேகமா இருக்கணும்’ என்று சொல்லாமல், ‘96’ என்று சொல்.

இனி 18-ஐப் பங்கு போடு. ஒரு தாளில் மேலே ஆவர்த்தன எண், அதன் கீழே காட்சி, அதற்கும் கீழே பாட்டு. இது பழைய வித்தைதான். 1928-இல் வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ கார்ட்டூனுக்கே இசையையும் அசைவையும் இப்படி ஒரே தாளில் குறித்துத்தான் வேலை செய்தார்கள்.

முதல் 2 ஆவர்த்தனம், அதாவது 10 விநாடி, வாத்தியம் மட்டும். ஊரின் அகலத் தெரு, பெரிய வீட்டு முகப்பு, பட்டறை வாசல். அடுத்த 4 பல்லவிக்கு: கண்ணாடியைத் துடைப்பது, சட்டம் வைப்பது, பூ அச்சுக்குள் சாயக் கலவை ஊற்றுவது, அச்சைத் தூக்குவது. 30-வது விநாடியில் பாடுகிறவர் நிறுத்தட்டும். அங்கே 2 ஆவர்த்தனம் இடையிசை. காய்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிற சத்தம், சாந்தைப் போட்டுக் கரணையால் மட்டம் பார்க்கிற சத்தம், இவை அங்கே கேட்க வேண்டும். அந்த ஒலியின் மேல் வரி எழுதுவது வீண். 40-இலிருந்து 70 வரை 6 ஆவர்த்தனம் சரணம்: நிழலில் அடுக்குவது, தண்ணீர்த் தொட்டி, வெளியே எடுத்துக் காயவைப்பது, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு. 70-இல் பல்லவி திரும்புகிறது, 2 ஆவர்த்தனம். கடைசி 2 வாத்தியமும் பட்டறைப் பெயரும்.

இதில் உயிரான இடம் 70-வது விநாடி. ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை கடைசிவரை குப்புறக் கிடக்கிறது. ஊறி, காய்ந்து, கண்ணாடியை விட்டுப் பிரியும்போதுதான் அதன் பளபளப்பைக் கண்ணால் பார்க்கிறோம். அந்த நொடியும் பல்லவி திரும்பும் நொடியும் ஒன்றாக இருக்கட்டும். கேட்ட வரி மறுபடி வரும்போது பார்க்கிறவர்களின் காதுக்கு வேலை குறைந்துவிடும், கண் முழுதாகப் படத்துக்குப் போகும். அதனால் பெரிய காட்சியைப் புது வரியின் மேல் வைக்காதே, பழகிய வரியின் மேல் வை. எனக்குத் தெரிந்து பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: சரணத்தின் நடுவில் கல்லைக் காட்டிவிட்டு, பல்லவி வரும்போது காட்ட ஒன்றுமில்லாமல் முதலாளியைச் சிரிக்கச் சொல்வார்கள்!

இப்போது வரிக்கு வா. ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி. அரைத் தட்டுக்கு ஒரு மாத்திரை என்று பாடினால் 16 மாத்திரை கொள்ளும். ஆனால் 16-ஐயும் நிரப்பினால் பாடுகிறவருக்கு மூச்சு எங்கே? உதாரணத்துக்கு, ‘கண்ணாடி மேல வண்ணம் ஊத்தி’ என்று எழுதுகிறாய். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றோடு சேர்ந்த அசைக்கும் இரண்டு என்று எண்ணினால் 15. மிஞ்சுவது ஒன்றுதான், அடுத்த வரி முதுகில் இடிக்கும். ‘ஊத்தி’யைத் தூக்கிவிடு. ‘கண்ணாடி மேல வண்ணம்’ 12 ஆகிறது; ஒன்றேகால் விநாடி மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பொருள் குறைந்ததா? ஊற்றுவதைத்தான் படம் காட்டிக்கொண்டிருக்கிறதே. படம் செய்கிற வினையைப் பாட்டும் சொல்ல வேண்டாம். வரி நீளும்போதெல்லாம் முதலில் வினைச்சொல்லைத் தேடிப் பார், பெரும்பாலும் அதை வெட்டலாம்.

நீட்டவேண்டிய இடமும் வரும். பல்லவியின் கடைசி வரியும் சரணத்தின் கடைசி வரியும் நெடிலில் முடியட்டும். ஆ, ஏ, ஓ என்றால் அரைத் தட்டோ இரண்டு தட்டோ வேண்டிய அளவு இழுக்கலாம். ‘வச்சு’, ‘எடுத்து’ என்று முடித்தால் இழுக்க வழியில்லை, காட்சி மாறுவதற்குள் குரல் தீர்ந்துபோகும்.

காட்சியை எங்கே வெட்டுவது? சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில். பாட்டு அனாகத எடுப்பாக இருந்து குரல் அரைத் தட்டு தள்ளி வந்தால் ரொம்ப நல்லது: படம் முதலில், சொல் அடுத்து. அதீத எடுப்பு என்றால் குரல் சமத்துக்கு முன்பே கிளம்பி, புதுச் சொல் பழைய காட்சியின் மேல் விழும். பகுதி மாறுகிற இடங்களில் அந்த எடுப்பு வேண்டாம் என்று மெட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. எல்லாச் சமத்திலும் வெட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். ஐந்து விநாடிக்கு ஒரு வெட்டு என்று ஒழுங்காக வந்தால், பார்க்கிறவர் அடுத்த வெட்டை எண்ண ஆரம்பித்துவிடுவார். தொட்டிக் காட்சியை 10 விநாடியும் வெட்டாமல் விடு.

எடிட் செய்யும் செயலியில் விநாடிக்கு 30 பிரேம் வை. ஓர் ஆவர்த்தனம் 150 பிரேம், பாதி ஆவர்த்தனம் 75. 25 பிரேமில் பாதி ஆவர்த்தனம் 62.5 ஆகும். அரை பிரேமை வெட்ட முடியாது என்று 62, 62 ஆகவே ஒட்டிக்கொண்டு போனால், 16 துண்டு தாண்டும்போது 8 பிரேம், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு விநாடி, படம் பாட்டுக்கு முன்னால் ஓடியிருக்கும். ஆரம்பத்தில் பொருந்தி, போகப்போக இடறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். துண்டின் நீளத்தை நம்பாமல் முதலிலேயே பாட்டின் மேல் 18 சமத்துக்கும் குறி போட்டுவிட்டு, வெட்டை அந்தக் குறிக்குக் கொண்டுபோ.

பாடிப் பதிவு செய்தபின் 3 விநாடி கூடிவிட்டதா? வேகத்தைக் கூட்டிப் பாட்டை நெருக்காதே, குரலின் நிதானம் போய்விடும். கடைசியில் ஒலியைத் தேய்த்து முடிப்பதும் வேண்டாம், பட்டறைப் பெயர் பாதிப் பாட்டில் வந்து நிற்கும். இடையிசையில் ஓர் ஆவர்த்தனத்தை முழுசாக எடுத்துவிட்டு, மிஞ்சும் 2 விநாடியைக் கடைசிச் சுரத்தை நீட்டி நிரப்பு. அதோடு பின்னால் வரும் குறிகள் எல்லாம் இடம் மாறியிருக்கும். 70-இல் இருந்த பல்லவி எங்கே விழுகிறது என்று பார்த்து, கல் கண்ணாடியை விட்டுப் பிரிகிற காட்சியை அங்கே நகர்த்து.

முடித்ததும் ஒலியை அணைத்துவிட்டு அம்மாவிடம் போனைக் கொடு. எந்த வேலை எப்போது முடிந்தது என்று அவர்கள் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள். பிறகு படத்தை மறைத்துப் பாட்டை மட்டும் போட்டு, எங்கே பாட்டு மாறுகிறது என்று கேள். இரண்டு பட்டியலிலும் 30, 40, 70 இருந்தால் அனுப்பிவிடலாம். 70 மட்டும் தப்பியிருந்தால் அன்றைக்கு அனுப்பாதே, மறுபடி உட்கார்.