இருபது நிமிடம், ஒரு பாசுரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

புதிதாக அனுஸந்திக்கத் தொடங்குவோர் ஆழ்வாரின் சரணாகதிப் பாசுரமான திருவாய்மொழி 6.10.10ஐ எடுத்துக்கொள்ளலாம். நான்கு படிகள், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம்.

முதலில், பதம் பிரித்து மும்முறை வாய்விட்டுச் சேவிக்கவேணும்.

இரண்டாவதாக, பிராட்டியை முன்னிட்டு ஆழ்வார் எம்பெருமானை அழைக்கும் நான்கு விளிகளைச் சிந்திக்கவேணும். அவை முறையே வாத்ஸல்யம், ஸ்வாமித்வம், ஸௌசீல்யம், ஸௌலப்யம் ஆகிய குணங்களைச் சொல்வதாகப் பூர்வாசார்யர்கள் காட்டியருளினர். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கம்பமாகவே நின்று சேவை ஸாதிக்கும் கலியுக வரதராஜப் பெருமாளைச் சேவித்தவர்களுக்கு நான்காவது குணம் எளிதில் விளங்கும். இவ்விடத்தில் வியாக்யானத்தைப் புரட்டத் தொடங்கினால் நேரம் முழுதும் இப்படியிலேயே கழியும். அதை வேறு வேளைக்கு வைக்கவும்.

மூன்றாவதாக, வேறு புகல் இல்லை என்று ஆழ்வார் அருளிச்செய்வதை நம் வார்த்தையாகச் சொல்லவேணும். சேமிப்போ, பிள்ளைகளோ, நாம் உள்ளூரப் புகலாக நம்பியிருப்பது அப்போது நினைவில் எழும். அதையே விண்ணப்பிக்கவேணும்.

நான்காவதாக, மௌனம். திருவடிக்கீழ்ப் புகுந்தபின் கேட்பதற்கு ஒன்றில்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.